ஹான்ட்டூஹில் எந்த எழுத்துக்கு இரட்டைப் புள்ளி?

குளித்துவிட்டுத் துடைத்துக்கொள்ளும் துண்டுக்கு ஜெர்மனில் ஹான்ட்டூஹ் என்று பெயர். ஹான்ட் என்றால் கை, டூஹ் என்றால் துணி. தொடக்கநிலைப் பாடநூல்களின் சொற்பட்டியலில் பெரும்பாலும் இப்படி அச்சிட்டிருப்பார்கள்:

```
das Handtuch, ¨-er
```

காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது பன்மைக்கான சுருக்கக் குறி. கடைசியில் "எர்" சேர்க்க வேண்டும், உயிரெழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைக்க வேண்டும் என்று அர்த்தம். அந்த இரட்டைப் புள்ளிக்குப் பெயர் உம்லாவுட். குறி இவ்வளவுதான் சொல்கிறது. எந்த உயிரெழுத்தின் தலையில் என்று சொல்வதில்லை. இந்தச் சொல்லிலோ புள்ளி ஏற்கக்கூடிய உயிர்கள் இரண்டு இருக்கின்றன. ஏ1 என்னும் தொடக்கநிலை வகுப்புக்கு நான் பயிற்சித் தாள் கொடுத்தால் மூன்று விதமான விடைகள் திரும்பி வரும்:

```
die Händtucher
die Händtücher
die Handtücher
```

மூன்றாவதுதான் சரி. ஆனால் முதல் இரண்டையும் எழுதியவர்கள் சும்மா குத்துமதிப்பாக எழுதவில்லை. ஹான்ட் என்ற சொல்லுக்குப் பன்மையில் புள்ளி வரும் என்று போன வாரம் படித்திருக்கிறார்கள். படித்ததும் சரி, நினைவில் இருந்ததும் சரி. கூட்டுச்சொல்லில் பன்மை எங்கே ஒட்டும் என்பதை மட்டும் அந்தத் தாள் அவர்களுக்குக் காட்டவில்லை. எனவே நான் பேச வருவது அந்தத் தாளைப் பற்றித்தான். ஜெர்மன் கூட்டுச்சொற்களும் பன்மையும் கடினம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கடினத்தில் ஒரு நல்ல பங்கு தாள் போடுகிறவர்கள் உண்டாக்கியது என்பது என் கட்சி.

(இனி ஜெர்மன் சொற்களைத் தமிழ் ஒலியில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடத்தில் தாளில் இருப்பதுபோலவே தனியாகத் தருகிறேன். "பூஹ்" என்பதில் வரும் ஹ், தொண்டையில் உரசும் ஒலி.)

அடிப்படை விதி ஒன்றே ஒன்று. கூட்டுச்சொல்லில் கடைசியில் நிற்பதுதான் எஜமான். அதன் பால்தான் முழுச்சொல்லின் பால், அதன் பன்மைதான் முழுச்சொல்லின் பன்மை. முன்னால் வருவதெல்லாம் எந்த வகை, எதற்கானது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஜெர்மனில் பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் சொல் அதற்கு முன்னால் வரும்: ஆண்பாலுக்கு டேர், பெண்பாலுக்கு டீ, அலிப்பாலுக்கு டாஸ். மில்ஹ் (குடிக்கும் பால்) என்ற சொல் டீ, காஃபே என்ற சொல் டேர். காஃபேயைக் கடைசியில் வைத்தால் டேர் மில்ஹ்காஃபே, பால் ஊற்றிய காபி. மில்ஹைக் கடைசியில் வைத்தால் டீ காஃபேமில்ஹ், காபியில் ஊற்றுவதற்கென்று விற்கும் பால். இரண்டும் கடையில் கிடைக்கும் நிஜப் பொருள்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புதிதே அல்ல. மரப்பெட்டி என்பது பெட்டிதான், மரம் அல்ல. நிறைய இருந்தால் மரப்பெட்டிகள் என்போம். மரத்தில் போய்க் "கள்" ஒட்டுவதில்லை. வகுப்பில் இதைச் சொன்னதும் பலர் முகத்தில் ஒரு தெளிவு தெரியும். ஆனால் தாளை எடுத்து எழுதத் தொடங்கியதும் தெளிவு போய்விடும். அதற்குக் காரணம் காது. ஜெர்மன் கூட்டுச்சொல்லில் அழுத்தம் முன்பாதியில் விழுகிறது. சமையலறை அலமாரிக்கு க்யூஹென்ஷ்ராங்க் என்று சொல்லும்போது க்யூஹென் உரக்கக் கேட்கும், ஷ்ராங்க் அடங்கி ஒலிக்கும். காது பிடித்துக்கொள்வது முன்பாதியை. க்யூஹெ (சமையலறை) டீ என்பதால், டீ க்யூஹென்ஷ்ராங்க் என்று எழுதிவிடுகிறார்கள். சரியானது டேர், ஏனென்றால் ஷ்ராங்க் டேர்.

ஆகவே திருத்தும்போது தப்பு என்று சிவப்புக் கோடு போடுவதோடு நிறுத்தாமல், அந்தத் தப்பு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்ப்பது பயன் தரும். டீ க்யூஹென்ஷ்ராங்க் என்று எழுதியவர் சொல்லை முன்னாலிருந்து படிக்கிறார். அவருக்குச் சொற்கள் தெரியும், திசைதான் மாறிவிட்டது. டாஸ் க்யூஹென்ஷ்ராங்க் என்று எழுதியவருக்கு க்யூஹெயின் பாலும் தெரியாது, ஷ்ராங்கின் பாலும் தெரியாது. முன்னவருக்குக் கடைசிச் சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டுக் காட்டினால் போதும். பின்னவர் அடிச்சொற்களுக்கே திரும்பிப் போக வேண்டும்.

வழக்கமான "என் வீடு" தாளைப் பாருங்கள். இடதுபக்கம் படம், நடுவில் சொல், வலதுபக்கம் பன்மைக் குறி. துணி அலமாரி, குளிர்பதனப் பெட்டி, சமையலறை அலமாரி, புத்தக அலமாரி ஒவ்வொன்றும் தனி வரிசை. நான்கு சொல், நான்கு பால், நான்கு பன்மை என்று மாணவர் மனப்பாடம் செய்கிறார். உண்மையில் அங்கே கற்க வேண்டிய பால் ஒன்று, பன்மை ஒன்று. நான் இப்போது போடுவது இப்படி:

```
der Schrank        die Schränke

Kleider|schrank    der ______  die ____________
Kühl|schrank       der ______  die ____________
Küchen|schrank     der ______  die ____________
Bücher|schrank     der ______  die ____________
```

மேலே எஜமான், பன்மை முழுதாக எழுதியபடி. கீழே அவருடைய குடும்பம், எஜமானுக்கு முன்னால் ஒரு நெடுங்கோடு. நிரப்பும்போது அந்தக் கோட்டை எடுத்துவிட்டு ஒரே சொல்லாக எழுத வேண்டும். பெரிய எழுத்து முதலில் மட்டும், நடுவில் வராது. நான்கு முறை எழுதும்போது ஷ்ரெங்கெ என்ற பன்மை கையில் படிந்துவிடும். புள்ளி எங்கே என்ற கேள்வியே எழாது, ஏனென்றால் கோட்டுக்கு இடப்பக்கம் யாரும் கை வைப்பதில்லை. க்யூல்ஷ்ராங்கில் (குளிர்பதனப் பெட்டி) முன்பாதியிலேயே ஒரு இரட்டைப் புள்ளி இருக்கிறது. சுருக்கக் குறியை மட்டும் பார்த்தவர்கள், புள்ளி ஏற்கெனவே வைத்தாயிற்று என்று நினைத்து "க்யூல்ஷ்ராங்கெ" என்று முடித்துவிடுவார்கள். கோடு போட்ட தாளில் இந்தப் பிழை வருவதில்லை.

பன்மையை முழுதாக எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அறைக்கு ட்ஸிம்மர் என்று பெயர், பன்மையிலும் ட்ஸிம்மர்தான். பட்டியலில் இதை வெறும் சிறுகோடு போட்டுக் காட்டுவார்கள். "மாற்றமில்லை" என்பது அதன் பொருள். புதிதாக வருகிறவர்கள் அதை "பன்மை இல்லை" என்று படிக்கிறார்கள். ஒரு மாணவி என்னிடம், "மேம், ஜெர்மன்காரங்க வீட்டுல ஒரே ரூம்தானா?" என்று கேட்டே விட்டாள். அச்சுக்கூடத்தில் இடம் மிச்சப்படுத்தக் கண்டுபிடித்த சுருக்கம் அகராதிக்குப் பொருந்தும். பயிற்சித் தாளில் இடம் தாராளமாக இருக்கிறது.

சரி, எஜமான்களுக்கு எத்தனை விதப் பன்மை? வீட்டுத் தாளிலிருந்தே ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை எடுத்துக்கொள்ளலாம்:

```
der Tisch     die Tische
der Stuhl     die Stühle
die Lampe     die Lampen
das Bild      die Bilder
das Zimmer    die Zimmer
das Sofa      die Sofas
```

மேசை, நாற்காலி, விளக்கு, படம், அறை, சோபா. எல்லாப் பன்மைக்கும் முன்னால் டீதான். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை என்று வண்ணம் தீட்டும் தாள்கள் ஏராளம். அவற்றில் பன்மையையும் சிவப்பில் அச்சிட்டால், ஷ்ராங்க் பன்மையில் பெண்பாலாகிவிட்டது என்று புரிந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது. பன்மைக்கு வேறொரு வண்ணம் கொடுப்பது நல்லது.

இந்த ஆறில் மூன்றை ஊகித்துவிடலாம். "எ" ஒலியில் முடியும் பெண்பால் சொல் என்றால் "ன்" சேரும். ஏ1 அளவில் இதற்கு விதிவிலக்கு தேடினாலும் அகப்படாது. "எர்" என்றோ "எல்" என்றோ "என்" என்றோ "ஷென்" என்றோ முடியும் ஆண்பால், அலிப்பால் சொற்கள் பொதுவாக அப்படியே நிற்கும். அப்பா, தோட்டம், ஆப்பிள் போன்ற சில சொற்களில் புள்ளி மட்டும் ஏறும். சோபா, ஆட்டோ என்று முழு உயிரில் முடிவதற்குப் பெரும்பாலும் "ஸ்" வரும். மீதி மூன்றில்தான் மனப்பாட வேலை. ஓரசை அலிப்பால் சொற்களில் பில்ட், பூஹ், ஹவுஸ், கிண்ட் எல்லாம் "எர்" எடுக்கும் என்று சந்தோஷப்படும்போதே, பெட் (கட்டில்) வந்து பெட்டென் என்று ஆகி நிற்கும். ஊகத்துக்கு இடமுள்ளதையும் இல்லாததையும் ஒரே பட்டியலில் கலந்து கொடுத்தால், மாணவர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யப் பார்ப்பார், அல்லது எல்லாவற்றையும் ஊகிக்கப் பார்ப்பார். நான் அவற்றை இரண்டு பக்கமாகப் பிரித்துவிடுகிறேன்.

இன்னொரு பிழை தமிழிலிருந்தே வருகிறது. நாம் "ரெண்டு நாற்காலி", "மூணு மேசை" என்போம். எண் வந்துவிட்டால் "கள்" தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் ட்ரை டிஷ் என்று எழுதுகிறார்கள். ஜெர்மனில் ட்ரை டிஷெ என்று பன்மை கட்டாயம். கடுப்பேற்றும் விஷயம் என்னவென்றால், ஜெர்மனிலும் அளவையும் பணமும் பெரும்பாலும் இந்தக் கட்டாயத்துக்கு உட்படுவதில்லை. மூன்று யூரோ ட்ரை ஓய்ரோதான், இரண்டு கிலோ ட்ஸ்வை கிலோதான். விலைப்பட்டியல் பாடத்தையும் வீட்டுப் பாடத்தையும் ஒரே வாரத்தில் வைத்தால் குழப்பம் நிச்சயம்.

இனி இதில் மிகச் சுவையான இடத்துக்கு வருகிறேன். மேலே கொடுத்த ஷ்ராங்க் குடும்பத்தைத் திரும்பப் பாருங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பவை பல வேஷத்தில் இருக்கின்றன:

```
Kleid  + er + Schrank
Küche  + n  + Schrank
Kühl        + Schrank
Arbeit + s  + Zimmer
Schul(e)    + Heft
```

க்ளைடர்ஷ்ராங்க் துணி அலமாரி. க்ளைடர் என்பது க்ளைட் (உடை) என்பதன் பன்மை வடிவம், அலமாரியில் பல உடைகள் இருக்கும், பொருத்தமாகத்தான் இருக்கிறது. அதே தர்க்கத்தில் க்யூஹென்ஷ்ராங்கைப் பார்த்தால் "சமையலறைகள் அலமாரி" ஆகிவிடும். ஒரு சமையலறைக்குத்தானே அந்த அலமாரி? க்யூலில் ஒன்றுமே ஒட்டவில்லை, ஏனென்றால் அது குளிர்வி என்ற வினையின் பகுதி. வேலை அறைக்கு ஆர்பைட்ஸ்ட்ஸிம்மர். நடுவில் ஒரு "ஸ்". ஆர்பைட் (வேலை) பெண்பால் சொல், அதன் பன்மை ஆர்பைட்டென். "ஸ்" சேர்ந்த வடிவம் அந்தச் சொல்லுக்குத் தனியாக எங்குமே கிடையாது. பள்ளி நோட்டுக்கு ஷூல்ஹெஃப்ட். அங்கே சேர்வதற்குப் பதில் ஷூலெயின் வால் அறுந்திருக்கிறது.

நடுவில் வரும் இந்த ஒட்டுகள் பன்மை அல்ல. பன்மைபோல் தோன்றும், சில இடங்களில் பொருளும் தற்செயலாகப் பொருந்தும். பொருந்தாத இடத்தைக் காட்டத்தான் ஹ்யூனர்ஐ என்ற சொல்லை நான் எப்போதும் கரும்பலகையில் எழுதுவேன். கோழி முட்டை. ஹூன் என்றால் கோழி, பன்மை ஹ்யூனர். சொல்லை அப்படியே பிரித்தால் "கோழிகள் முட்டை". ஒரு முட்டையைப் பல கோழிகள் சேர்ந்து இடுவதில்லை. மறுபக்கம் ஆப்ஃபெல்ஸாஃப்ட், ஆப்பிள் சாறு. ஒரு ஆப்பிளைப் பிழிந்தா பாட்டில் நிறைகிறது? ஆனாலும் ஒருமை வடிவம்தான்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதற்குக் கையில் ஒரு பெயர் தயாராக இருக்கிறது: சாரியை. புளி, பழம் இரண்டையும் சேர்த்தால் புளியம்பழம், நடுவில் "அம்". மரத்தடியில் "அத்து". அந்த "அம்"முக்கும் "அத்து"க்கும் பொருள் என்ன என்று யாரும் கேட்பதில்லை, சேர்ப்பதற்காக வந்தது. ஜெர்மன்காரர்கள் இதை ஃபூகெ என்கிறார்கள், பொருத்துவாய் என்ற பொருளில். அவற்றில் பல பழைய வேற்றுமை உருபுகளின் மிச்சம். "எர்" இன்னும் பழையது: ஹூன், ஐ முதலிய சில சொற்களின் அடியிலேயே இருந்த துண்டு, பின்னாளில் பன்மையின் அடையாளமாக மாறியது. ஹ்யூனர்ஐக்குள் அது பழைய வேலையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சாரியை என்று அறிமுகப்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். வீட்டுக் கதவுக்கு வோனுங்ஸ்ட்யூர். அதைப் படித்த மாணவர்கள் அடுத்த பக்கத்தில் வோனுங்கின் பன்மையை "வோனுங்ஸ்" என்று எழுதுவார்கள். சோபாஸ் போல "ஸ்" பன்மை இருக்கிறதே, கூட்டுச்சொல்லுக்குள்ளும் "ஸ்" இருக்கிறதே, இரண்டையும் இணைத்துவிட்டார்கள். பன்மை வோனுங்கென். "உங்" என்று முடியும் எந்தப் பெண்பால் சொல்லுக்கும் கூட்டுச்சொல்லுக்குள் "ஸ்", தனிப் பன்மையில் "என்". இந்த இரண்டையும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுவது ஒன்றுதான் வழி:

```
die Wohnung    die Wohnungen    Wohnungs|tür
```

இந்த மூன்றாவது நெடுவரிசையை எல்லாச் சொல்லுக்கும் நிரப்பச் சொல்வது கொடுமை. எந்தச் சொல்லுக்கு எந்தச் சாரியை என்பதற்கு முழு விதி கிடையாது. "உங்", "ஹைட்", "கைட்" போன்ற முடிவுகளுக்கு "ஸ்" உறுதி, "எ" முடிவுப் பெண்பாலுக்குப் பெரும்பாலும் "ன்" என்பதோடு ஏ1 போதும். தொடக்கநிலை மாணவர் கூட்டுச்சொல்லைத் தானே கட்ட வேண்டியதில்லை. கண்டால் பிரிக்கத் தெரிந்தால் போதும். ஆதலால் சாரியைத் தாளில் நான் கேட்பது பிரிப்பது மட்டும்தான். சேர்க்கச் சொல்வதில்லை. அறுபது எழுத்துக்கு மேல் ஓடும் சட்டப் பெயர்களை வேடிக்கைக்காகத் தொடக்கநிலைத் தாளில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே பயம் காட்டுவதைத் தவிர அதில் வேறு பலன் எனக்குத் தெரியவில்லை.

எஜமான் விதி பொய்க்கும் இடங்களும், பொய்ப்பதுபோல் தோன்றும் இடங்களும் உண்டு. அவற்றில் சில ஏ1 சொற்களுக்குள்ளேயே இருப்பதால் மறைக்க முடியாது.

```
der Mittwoch        (die Woche)
die Antwort         (das Wort)
der Feuerwehrmann   die Feuerwehrleute
die Parkbank        die Parkbänke
die Datenbank       die Datenbanken
```

மிட்வோஹ், புதன்கிழமை. வாரத்தின் நடு என்று பொருள். வாரம் டீ, ஆனால் புதன்கிழமை டேர். மற்றக் கிழமைகள் எல்லாம் "டாக்" என்றோ அதே பாலிலோ இருப்பதால் இதுவும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. ஆன்ட்வோர்ட், பதில். கடைசியில் வோர்ட் தெரிந்தாலும் டாஸ் இல்லை, டீ, பன்மையும் ஆன்ட்வோர்ட்டென். தீயணைப்பு வீரர் ஒருவராக இருக்கும்வரை மான், பலராகிவிட்டால் பெரும்பாலும் லோய்டெ, அதாவது ஆட்கள். பனிமனிதன் மட்டும் ஷ்னேமென்னர் என்று விதிப்படி நடக்கிறான். பொதுவாக "லோய்டெ" தொழில் பெயர்களுக்கு வருகிறது, பனிமனிதனுக்குத் தொழில் இல்லை.

பாங்க் வேறு கதை. உட்காரும் பெஞ்சுக்கும் அதே சொல், பணம் போடும் வங்கிக்கும் அதே சொல், இரண்டும் டீ. பெஞ்சின் பன்மை பெங்கெ, வங்கியின் பன்மை பாங்கென். ஆகவே பூங்கா பெஞ்சுகள் பார்க்பெங்கெ, தரவுத்தளங்கள் டாட்டென்பாங்கென். இங்கே எஜமான் விதி மீறப்படவில்லை. எஜமான்கள் இரண்டு பேர், பெயர்தான் ஒன்று. இதை விதிவிலக்குப் பெட்டிக்குள் போடும் தாள்கள் மாணவரைத் தேவையில்லாமல் குழப்புகின்றன.

பன்மைப் பிழைபோலவே தோன்றும் வேறொன்றும் உண்டு. மாணவர் பன்மையை ஷ்ரெங்கென் என்று கடைசியில் ஒரு "ன்" போட்டு எழுதுகிறார். எங்கிருந்து வந்தது? வாசிப்புப் பகுதியில் "இன் டென் ஷ்ரெங்கென்", அலமாரிகளில், என்று பார்த்திருப்பார். அது ஜெர்மனின் மூன்றாம் வேற்றுமையான டாட்டிவில் பன்மைக்குக் கூடுதலாக ஒட்டும் "ன்". சொற்களைத் தாமே வாக்கியத்திலிருந்து பொறுக்கிக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் நல்ல மாணவர்களிடம்தான் இதைப் பார்க்கிறேன். டென் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பதைப் பட்டியலில் ஏற்றாதே என்று அவர்களிடம் சொல்லிவிடுவேன்.

தாளின் கடைசிப் பகுதிக்கு, படித்திராத சொற்களாகத் தேடி வைக்கிறேன். கார்ட்டென்ஷ்டூல், தோட்டத்து நாற்காலி: பால் என்ன, பன்மை என்ன? ஷ்டூல் தெரிந்தவருக்கு இது தெரிந்தே தீர வேண்டும். கார்ட்டென் பன்மையில் புள்ளி ஏற்கும் சொல் என்பதால் பொறியும் சரியாக அமைகிறது. அதற்கு அடுத்ததாக, எந்த அகராதியிலும் இல்லாத, நானே கட்டிய சொல் ஒன்று: ஆஃபென்லாம்பெ, குரங்கு விளக்கு. "இப்படி ஒரு சொல்லே இல்லையே மேம்" என்பார்கள். இருக்க வேண்டியதில்லை. நாளைக்கு யாராவது குரங்கு வடிவில் விளக்கு செய்து விற்றால், எந்த ஜெர்மன்காரரும் யோசிக்காமல் டீ ஆஃபென்லாம்பெ, பன்மையில் ஆஃபென்லாம்பென் என்றுதான் சொல்வார். ஹான்ட்டூஹைச் சரியாக எழுதியவர் அதை மனப்பாடமும் செய்திருக்கலாம். இதைச் சரியாக எழுதியவர் கடைசிச் சொல்லைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவருக்கு அடுத்த வாரம் நான் கோடு போடாத தாளைக் கொடுக்கிறேன்.